பின்மனை வீட்டுக்கு மின் இணைப்பு: திரும்பி வந்த கடிதமும் ஏற்கப்பட்ட கடிதமும்

வீடுகளுக்கு வயரிங் ஒப்பந்தம் எடுத்துச் செய்வது என் தொழில். வேலை முடிந்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில், இணைப்புக்கான கடிதத்தை எப்படி எழுதுவது என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் இப்போது புதிய இணைப்புக்கான விண்ணப்பம் மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளம் வழியாகத்தான் பதிவாகிறது. அதனால் கடிதம் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். படிவத்தில் இருப்பவை கட்டங்கள். நிலைமை நேராக இருந்தால் கட்டங்களே போதும். மனை ஒருவர் பெயரில், வீடு கட்டியவர் இன்னொருவர், அதே மனையில் ஏற்கெனவே ஒரு மீட்டர் என்று வரும்போது கட்டங்களுக்குள் அடங்காத செய்தியைச் சொல்ல ஒரு பக்கக் கடிதம் வேண்டும். இங்கே சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒரு வீட்டின் கதை. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

ஒரு நகராட்சிப் பகுதியில், தெருவைப் பார்த்த நீண்ட மனை. முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, அதில் அம்மா இருக்கிறார். பின்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் மகள் இரண்டு படுக்கையறை கொண்ட தரைதள வீடு கட்டியிருக்கிறார். மனை, இறந்துபோன அப்பாவின் பெயரில் உள்ளது. கிரயப் பத்திரம், பட்டா இரண்டுமே அவர் பெயரில்தான். ஒரே தம்பி வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். பழைய வீட்டில் அம்மாவின் பெயரில் ஒரு சிங்கிள் பேஸ் வீட்டு இணைப்பு உண்டு. கட்டுமானத்துக்காக எடுத்த தற்காலிக இணைப்பும் அம்மாவின் பெயரில்தான்.

முதல் கடிதம்

மகள் தானே எழுதி ஆவணங்களோடு பதிவேற்றிய கடிதத்தின் உடல் பகுதி இதுதான்:

"நான் புதிதாக வீடு கட்டி முடித்துள்ளேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குச் சுமார் 300 யூனிட் மின்சாரம் தேவைப்படும். மின்சாரம் இல்லாமல் குழந்தைகள் படிக்க மிகவும் சிரமப்படுகிறார்கள். தேவையான எல்லா ஆவணங்களையும் இணைத்துள்ளேன். வீட்டின் முன்பக்கம் வசதியான இடத்தில் மீட்டர் பொருத்தி, விரைவில் இணைப்பு வழங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

பணிவில் குறையில்லை, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனாலும் விண்ணப்பம் திரும்பி வந்தது. மின்பளு விவரம் இல்லை, மனை உரிமையாளருக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன உறவு என்பதற்கு ஆவணம் இல்லை, அதே வளாகத்தில் உள்ள இணைப்பு பற்றி விளக்கம் இல்லை என்று மூன்று குறைகள் குறிக்கப்பட்டிருந்தன. மீட்டர் இடம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் 'முன்பக்கம்' என்ற அந்த ஒரு சொல் அப்படியே போயிருந்தால் இடத்தைப் பார்க்க வருகிறவரோடுதான் தகராறு வந்திருக்கும். முன்பக்கம் என்றால் எந்த வீட்டின் முன்பக்கம்?

திரும்பி வந்ததை அவர் அலைக்கழிப்பாக எடுத்துக்கொண்டார். நான் அப்படி நினைக்கவில்லை. மின்சாரச் சட்டம், 2003-இன் 43-ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ கேட்டால் மின்சாரம் தந்தே ஆகவேண்டும் என்ற கடமையை வாரியத்தின் மேல் வைக்கிறது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகள் அதற்கு நாள் கணக்கும் வைத்தன. 2024-இல் திருத்திய பிறகு, பெருநகரங்களுக்கு 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளுக்கு 7 நாள், ஊரகப் பகுதிகளுக்கு 15 நாள் என்று அந்தக் கணக்கு குறைந்திருக்கிறது. புதிதாக லைன் இழுக்க வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் காலவரை. ஆனால் சட்டமும் சரி விதிகளும் சரி, எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. குறையோடு போன விண்ணப்பத்துக்குக் கடிகாரம் ஓடவே தொடங்குவதில்லை. ஆகவே இணைப்பு விரைவாக வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, விரைவாகத் தருவதற்கு அவர்களுக்கு என்னென்ன தெரியவேண்டுமோ அதை எழுதுவதுதான் வழி.

பளு: யூனிட் வேறு, வாட் வேறு

300 யூனிட் என்பது நுகர்வு. மீட்டர் ஓடிய பிறகு வரும் கணக்கு அது. விண்ணப்பத்தில் கேட்பது இணைக்கப்பட்ட மின்பளு. வீட்டில் பொருத்தியிருக்கும், பொருத்தப்போகும் கருவிகளின் வாட் அளவுகளைக் கூட்டினால் வருவது. ஒரு கீசரை நாளைக்குப் பத்து நிமிடம் போட்டாலும் ஒரு மணி நேரம் போட்டாலும் அதன் பளு 2,000 வாட்தான். சர்வீஸ் வயர் எவ்வளவு தடிமன், மீட்டர் சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, அந்த டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பதெல்லாம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும். கட்டவேண்டிய தொகைகளும் பளுவைப் பொறுத்தும், எத்தனை பேஸ் என்பதைப் பொறுத்தும் மாறும்.

கருவிகளின் பின்புறத் தகட்டைப் பார்த்து அவரையே எழுதச் சொன்னேன். வந்த பட்டியல் இது:

எல்இடி விளக்கு 14, ஒவ்வொன்றும் 10 வாட்: 140
மின்விசிறி 5, ஒவ்வொன்றும் 75 வாட்: 375
ஃப்ரிட்ஜ்: 200
டி.வி.: 100
வாஷிங் மெஷின்: 400
மிக்சி: 750
கிரைண்டர்: 150
அயர்ன் பாக்ஸ்: 1,000
தண்ணீர் மோட்டார், 1 எச்.பி.: 746

இதுவரை கூட்டினால் 3,861 வாட். இங்கே நிறுத்தியிருந்தால் முடிவு எளிது. தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பு 4,000 வாட் வரை சிங்கிள் பேஸ் என்கிறது. அதைத் தாண்டினால் த்ரீ பேஸ். 3,861 அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஆனால் குளியலறையில் கீசருக்கென்று தனி பாயிண்ட் போட்டாகிவிட்டது. பெரிய படுக்கையறையில் ஏ.சி.க்கும் தனி வயர் இழுத்து, சுவரில் பைப்புக்கு ஓட்டையும் விட்டிருக்கிறது. கீசர் 2,000, ஒரு டன் ஏ.சி. 1,200. சேர்த்தால் 7,061 வாட்.

"ஏ.சி. அடுத்த வருசம்தான் அண்ணே வாங்கப்போறோம். இப்போதைக்கு 3.8-னே எழுதிட்டா பணம் மிச்சமாகுமே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லோருமே கேட்பது. 3,861 வாட்டுக்கு, 230 வோல்ட்டில், சுமார் 17 ஆம்பியர் ஓடும். 7,061 வாட்டை அதே ஒற்றை பேஸில் ஏற்றினால் 31 ஆம்பியரை எட்டும். வீடுகளில் வழக்கமாகப் பொருத்தும் சிங்கிள் பேஸ் மீட்டர் 5–30 ஆம்பியர் அளவு கொண்டது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது உண்மை. ஆனால் குளிர்கால விடியற்காலையை எடுத்துக்கொள்ளுங்கள். கீசர், மோட்டார், மிக்சி, அயர்ன் பாக்ஸ் நான்கும் ஒன்றாக ஓடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். அந்த நான்கு மட்டுமே 4,496 வாட், ஏறத்தாழ 20 ஆம்பியர். குறைந்த பளுவுக்குப் போட்ட இணைப்பில் முதலில் சூடேறுவது மீட்டருக்கு அருகில் இருக்கும் கட்-அவுட், அதாவது ஃபியூஸ் இருக்கும் பீங்கான் பெட்டி. பீங்கானின் விளிம்பில் பழுப்பு நிறம் படரும், பிடிப்புத் திருகைச் சுற்றி வயரின் பிளாஸ்டிக் உறை பளபளப்பு போய்ச் சுருங்கும். மோட்டார் போடும்போதெல்லாம் விளக்கு மங்கும். இவற்றைப் பார்த்தால் பளு மீறிவிட்டது அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அதோடு, அனுமதித்த பளுவுக்கு மேல் கருவிகள் இருப்பதை ஆய்வில் கண்டால் அதற்கு வசூல் உண்டு. கூடுதல் பளுவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், சிங்கிள் பேஸிலிருந்து த்ரீ பேஸுக்கு மாற மீட்டரும் சர்வீஸ் வயரும் மாறவேண்டும். வயரிங்கை இரண்டாவது முறை பிரிக்கவேண்டும். பாயிண்ட் போட்டு முடித்த கருவிகளை இப்போதே பளுவில் சேர்த்துவிடுவதுதான் சரி என்று சொன்னேன். அதேபோல, எதிர்காலத்தில் மாடி கட்டினால் என்று நினைத்துப் பளுவை இப்போதே உயர்த்தி எழுதவும் வேண்டாம். போடாத பாயிண்டுக்குக் காசு கட்டுவதில் பயனில்லை.

7,061 என்று முடிவானதும், வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியில் மூன்று பேஸுக்கும் பளுவைப் பிரித்தோம். கீசரோடு ஃப்ரிட்ஜும் டி.வி.யும் ஒரு பேஸில். ஏ.சி.யும் அயர்ன் பாயிண்டும் இன்னொன்றில். மோட்டார், மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் மூன்றாவதில். விளக்கும் விசிறியும் மூன்றிலும் பரவலாக. ஒவ்வொரு பேஸிலும் சுமார் 2,300 வாட், எல்லாம் ஒன்றாக ஓடினாலும் 10 ஆம்பியர்தான். ஒரு பேஸ் போனால் வீடு முழுக்க இருட்டாகாது என்பதும் ஒரு வசதி.

ஆவணங்கள்: சங்கிலியில் விட்டுப்போன கண்ணி

முதல் முறை அவர் இணைத்தவை ஆதார், அப்பாவின் கிரயப் பத்திர நகல், பட்டா நகல், கட்டட அனுமதி. எல்லாம் உண்மையான ஆவணங்கள். ஆனால் ஆதாரில் இருப்பவர் மகள், பத்திரத்தில் இருப்பவர் அப்பா. இந்த இருவரையும் இணைக்கும் காகிதம் ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு, ஆதாரில் அவருடைய முன்னெழுத்து கணவரின் பெயரைக் கொண்டது. அப்பாவின் பெயர் அதில் எங்குமே இல்லை. பார்க்கிறவருக்கு இவர் யாரோ, மனை யாருடையதோ.

இணைக்க வேண்டியவை மூன்று. அப்பாவின் இறப்புச் சான்று. வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழ், அதில் மனைவி, மகள், மகன் என்று மூன்று பெயர்களும் இருக்கும். பிறகு மற்ற இரு வாரிசுகளின் ஒப்புதல். அம்மா கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். தம்பிக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை, ஆனால் அவர் வெளிநாட்டில் இருப்பதால் முறைப்படி கையெழுத்திட்ட கடிதம் வந்து சேரப் பல வாரம் ஆகும் என்றார்கள். இந்த இடத்தில்தான் பலர் மாதக்கணக்கில் காத்திருந்துவிடுகிறார்கள். உரிமையாளரின் அல்லது கூட்டு உரிமையாளரின் ஒப்புதலைப் பெற முடியாதபோது, சட்டப்படி அந்த இடத்தில் இருப்பதற்கான சான்றைக் காட்டி, முத்திரைத்தாளில் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க விதித்தொகுப்பிலேயே இடம் உண்டு. பேச்சில் இதை இண்டெம்னிட்டி பாண்ட் என்போம். இந்த இணைப்பால் மற்ற வாரிசுகளோடு ஏதாவது தகராறு எழுந்தால் வாரியத்துக்கு ஏற்படும் இழப்பை நானே ஏற்கிறேன் என்பது அதன் சாரம். மகள் அதை எழுதிக் கொடுத்தார்.

வாரியம் இங்கே சொத்துரிமையைத் தீர்ப்பளிக்கவில்லை. 43-ஆம் பிரிவில் உரிமையாளர் என்பதோடு குடியிருப்பவர் என்ற சொல்லும் இருப்பது இதனால்தான். மின் இணைப்பு மகளின் பெயரில் வந்துவிட்டால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்று உறவினர்கள் பயப்படுவதும், அதனாலேயே கையெழுத்துப் போட மறுப்பதும் நிறைய நடக்கிறது. மின் கட்டண அட்டை பட்டா ஆகாது. அதைக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதிவிட்டால் அம்மா, தம்பி போன்றவர்களின் மனமும் இலகுவாகும். அம்மா கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார்.

முன்னெழுத்துச் சிக்கலுக்குப் புதிதாகச் சான்று எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. வாரிசுச் சான்றிதழில் 'மகள்' என்ற இடத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கடிதத்தில் எழுதி, இரண்டு முன்னெழுத்தும் வரும் பள்ளி இறுதிச் சான்று, திருமணப் பதிவுச் சான்று நகல்களைச் சேர்த்தோம். தனித்த ஒற்றை வீடு என்பதால் பணிநிறைவுச் சான்று பற்றிய கேள்வி எழவில்லை. புதிய வீட்டுக்குத் தனிக் கதவிலக்கம் போட்டு வீட்டுவரி ரசீது வாங்கியிருந்தார்கள், அது பெரிய உதவியாக இருந்தது.

ஏனென்றால் மூன்றாவது குறை, அதே வளாகத்தில் ஏற்கெனவே உள்ள இணைப்பைப் பற்றியது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. ஒரே குடும்பம் ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் வாங்கினால் சலுகை இரண்டு முறை போகும், பயன்பாடு பிரிந்து குறைந்த விகிதத்துக்குள்ளும் வந்துவிடும். எனவே இரண்டாவது இணைப்பு கேட்டால், இரண்டு குடியிருப்பும் உண்மையில் தனித்தனியா என்று பார்ப்பார்கள். தனி வாசல், தனிச் சமையலறை, கட்டடத்தில் நிலையான பிரிவு, ஒரு வீட்டு வயரிங் மற்றதோடு எங்கும் சேராமை ஆகியவைதான் அவர்கள் தேடுவது. பழைய வீட்டிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவே மறுப்புக்குக் காரணமாகும். இங்கே பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, கிணற்றடி விளக்கு. அதைப் பழைய வீட்டு இணைப்போடு நிறுத்திவிட்டோம்.

மீட்டர் எங்கே

அவர் விரும்பியது புதிய வீட்டின் முன்திண்ணைச் சுவர். அளந்து பார்த்தேன். தெருவில் உள்ள கம்பத்திலிருந்து அந்தச் சுவருக்கு 33 மீட்டர். சர்வீஸ் வயர் அம்மாவின் ஓட்டுக்கூரைக்கு மேலே போகவேண்டும், இல்லையென்றால் மூன்றடிச் சந்து வழியாக. சந்து வழியாகப் போனால் காற்றடிக்கும்போது வயர் பக்கத்து வீட்டு சன்ஷேடுக்கு மேலே ஆடும். அடுத்தவர் இடத்துக்கு மேலே லைன் போகிறது என்றால் அவருடைய இசைவைப் பெற்றுத் தருவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. அது கிடைக்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அவ்வளவு நீளத்துக்கு இடையில் ஒரு கம்பம் வேண்டும் என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் எஸ்டிமேட், கூடுதல் செலவு, கூடுதல் காலம்.

மாற்று வழி, மீட்டரைத் தெரு வாசலுக்கே கொண்டுவருவது. கேட்டின் இடப்புறத் தூணை ஒட்டி மதிலில் ஒரு பகுதியை உயர்த்திக் கட்டி, மேலே சிமெண்ட் ஸ்லாப் போட்டு, பூட்டுடன் கூடிய இரும்புப் பெட்டி வைத்தோம். கம்பம் அதே பக்கத்தில், 9 மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. வயர் யாருடைய இடத்துக்கு மேலும் போகாது, தெருவைக் கடக்காது. கணக்கெடுக்க வருகிறவர் கேட்டைத் திறக்காமலே கண்ணாடி வழியாக எண்ணைப் படிக்கலாம். வீடு பூட்டிக் கிடந்தால் 'டோர் லாக்' என்று குறித்து, முந்தைய பயன்பாட்டை வைத்துத் தோராயமாகக் கட்டணம் போடும் நிலை வராது.

இதற்கு ஒரு விலை உண்டு. மீட்டருக்கு அந்தப் பக்கம் வாரியத்தின் பொறுப்பு, இந்தப் பக்கம் நம் பொறுப்பு. கேட்டிலிருந்து பின்வீடு வரைக்கும் 24 மீட்டர் கேபிளை நாமே போட்டு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்மர்டு கேபிளாக, 75 சென்டிமீட்டர் ஆழத்தில், மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கிப் புதைத்தோம். நிலத்தடியில் இவ்வளவு நீளம் போவதால், மீட்டரை அடுத்தே மெயின் சுவிட்சும் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.டி.யும் வைத்தோம். என் அனுபவத்தில், பின்மனை வீடுகளுக்கு இந்த ஏற்பாடே எல்லா வகையிலும் மேல்.

மீட்டர் இடத்தை எழுதும்போது பார்க்காதவரும் விரல் வைத்துக் காட்டும்படி எழுதவேண்டும். கூடவே கையால் வரைந்த ஒரு படம் போதும். தெரு, கம்பம், கேட், மீட்டர், பழைய வீடு, புதிய வீடு, இடையே உள்ள தூரங்கள். அளவுத்திட்டம் தேவையில்லை. கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைக் குறிக்கவேண்டும். பக்கத்து வீட்டு மின் இணைப்பு எண் ஒன்றையும் எழுதினால், இந்த இடம் எந்த டிரான்ஸ்ஃபார்மரில் வருகிறது என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட முடியும். இங்கே அம்மாவின் இணைப்பு எண்ணே அதற்கு உதவியது.

ஏற்கப்பட்ட கடிதம்

அனுப்புநர்: பெயர், தந்தை பெயர், கணவர் பெயர், புதிய கதவிலக்கம், தெரு, கைப்பேசி எண்

பெறுநர்: உதவிப் பொறியாளர், இயக்கலும் பராமரித்தலும், ______ பிரிவு அலுவலகம்

ஐயா,

பொருள்: புதிய வீட்டுக்குத் த்ரீ பேஸ் மின் இணைப்பு, வீட்டு உபயோகம், 7.061 கிலோவாட் – விண்ணப்பம் – தொடர்பாக.
பார்வை: இணையவழி விண்ணப்ப எண் ______, நாள் ______.

வணக்கம். மேற்கண்ட முகவரியில் கட்டி முடித்துள்ள தரைதள வீட்டுக்கு என் பெயரில் மின் இணைப்பு வேண்டி விண்ணப்பித்துள்ளேன். சுட்டிக்காட்டிய குறைகளுக்கு விவரம் கீழே தருகிறேன்.

மின்பளு: விளக்கு 140, விசிறி 375, ஃப்ரிட்ஜ் 200, டி.வி. 100, வாஷிங் மெஷின் 400, மிக்சி 750, கிரைண்டர் 150, அயர்ன் பாக்ஸ் 1,000, மோட்டார் 746, கீசர் 2,000, ஏ.சி. 1,200. மொத்தம் 7,061 வாட். வீட்டு உபயோகம் மட்டுமே, கடையோ தொழிலோ இல்லை. வயரிங் முடிந்து, எர்த், ஆர்.சி.டி. பொருத்தி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் டெஸ்ட் ரிப்போர்ட் இணைத்துள்ளேன்.

உரிமை: மனை என் மறைந்த தந்தையின் பெயரில் உள்ளது. வாரிசுகள் என் தாய், நான், என் தம்பி ஆகிய மூவர். தாயின் ஒப்புதல் கடிதம் இணைத்துள்ளேன். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் அவர் பொருட்டு ஈட்டுறுதிப் பத்திரம் அளித்துள்ளேன். வாரிசுச் சான்றிதழிலும் ஆதாரிலும் முன்னெழுத்து மாறியிருந்தாலும் இரண்டும் என்னையே குறிக்கும். இந்த மின் இணைப்பைச் சொத்துரிமைக்கான சான்றாகக் கோரமாட்டேன்.

அதே வளாகத்தில் உள்ள இணைப்பு: முன்வீட்டில் என் தாயின் பெயரில் இணைப்பு எண் ______ உள்ளது, நிலுவை இல்லை. என் வீடு தனி வாசலும் தனிச் சமையலறையும் கொண்ட தனிக் கட்டடம், தனிக் கதவிலக்கம் உடையது. இரண்டு வீட்டு வயரிங்குக்கும் எங்கும் தொடர்பு இல்லை. கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பு எண் ______-ஐப் புதிய இணைப்பு கிடைத்ததும் ஒப்படைக்கச் சம்மதிக்கிறோம்.

மீட்டர் இடம்: தெருவிலிருந்து பார்த்தால் கேட்டின் இடப்புறத் தூணை ஒட்டிய மதில். மீட்டரின் எண் பகுதி தரையிலிருந்து 5 அடி உயரத்தில் வரும். மேலே ஸ்லாப், முன்னே 3 அடி காலி இடம். கம்பம் எண் ______-இலிருந்து 9 மீட்டர். சர்வீஸ் வயர் பிறர் இடத்தின் மேல் செல்லாது, தெருவைக் கடக்காது. மீட்டருக்குப் பின் வீடு வரையிலான 24 மீட்டர் நிலத்தடிக் கேபிள் என் பொறுப்பு. மாதிரிப் படம் இணைத்துள்ளேன்.

இடத்தைப் பார்வையிட்டு, செலுத்த வேண்டிய தொகையைத் தெரிவித்து, இணைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்புகள்: ஆதார், கிரயப் பத்திரம், பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், ஒப்புதல் கடிதம், ஈட்டுறுதிப் பத்திரம், வீட்டுவரி ரசீது, கட்டட அனுமதி, பள்ளி இறுதிச் சான்று, திருமணப் பதிவுச் சான்று, டெஸ்ட் ரிப்போர்ட், மீட்டர் இட மாதிரிப் படம்.

இங்ஙனம்,
கையொப்பம், நாள்

இடத்தைப் பார்க்க வந்தபோது

உதவிப் பொறியாளர் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். கேட்டருகே நின்று கம்பத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பின்வீட்டுக்குப் போய் சமையலறையையும் டி.பி. பெட்டியையும் பார்த்தார். பழைய வீட்டு மெயினைப் போட்டே வைக்கச் சொல்லி, புதிய வீட்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். இரண்டு வயரிங்கும் சேரவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள அதுதான் நேரான வழி. உறவுமுறை பற்றியோ பளு பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவேண்டியவை காகிதத்தில் இருந்தன.

ஒரே ஒரு மாற்றம் சொன்னார். சர்வீஸ் வயர் இறங்கும் ஜி.ஐ. பைப்பின் வாய் மேல் நோக்கி இருந்தது. "மழைத் தண்ணி வயரைப் பிடிச்சுக்கிட்டே பைப்புக்குள்ள இறங்கி நேரா மீட்டர் டெர்மினலுக்கு வந்துரும்மா. வாயைக் கீழே பார்க்கிற மாதிரி பெண்டு போடச் சொல்லுங்க, வயர் உள்ளே நுழையறதுக்கு முன்னாடி கொஞ்சம் தொங்கல் விட்டுக்கலாம்" என்றார். அந்தத் தொங்கலின் அடிப்புள்ளியில் தண்ணீர் சொட்டிவிடும், பைப்புக்குள் ஏறாது. அன்று மாலையே கொத்தனாரை வரவழைத்து பெண்டு மாற்றப்பட்டது. பணம் கட்டுவதற்கான செய்தி கைப்பேசிக்கு வந்தது, கட்டினார்கள், மீட்டர் வந்தது.

மீட்டர் வந்த நாளில் இரண்டு வேலை பாக்கி இருந்தது. பொருத்திய மீட்டரின் வரிசை எண்ணையும் தொடக்க ரீடிங்கையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் கட்டணம் வந்ததும் வீட்டு உபயோகம், த்ரீ பேஸ், 7.061 கிலோவாட் என்ற மூன்றும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பதிவில் வேறு கட்டண வகை ஏறிவிட்டால், தெரிந்த முதல் மாதத்திலேயே எழுதிக் கொடுத்தால்தான் திருத்துவது சுலபம். இன்னொன்று, தற்காலிக இணைப்பு. அது வீட்டுக் கட்டணத்தை விட அதிக விகிதத்தில் ஓடுவது, பயன்படுத்தாமல் விட்டாலும் கணக்கில் நீடிக்கும். அம்மாவின் கையெழுத்தோடு ஒப்படைப்புக் கடிதம் கொடுத்து, கடைசி ரீடிங் எடுக்கச் செய்து, வைப்புத்தொகையில் கட்டணம் கழித்த மீதியைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறோம்.